பால்கனிச் சுவரில் இறங்கிய மூன்று கறைகள்: வாட்டம், நீர்ப்போக்குக் குழாய், விளிம்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் தெற்குப் புறநகரில், கிழக்கு நோக்கிய ஒரு தனி வீட்டின் முதல் தளப் பால்கனி இந்த ஆய்வுக்குரியது. வீட்டின் வயது பதினோரு ஆண்டுகள். பால்கனி சுவரிலிருந்து 1.2 மீட்டர் வெளியே நீண்டு, சுவரை ஒட்டி 3.6 மீட்டர் நீளத்துக்கு அமைந்திருக்கிறது. கீழே தூண் எதுவும் இல்லாமல், அறையின் கான்கிரீட் தளமே வெளியே நீட்டப்பட்டிருக்கிறது. மூன்று பக்கங்களிலும் செங்கல்லில் கட்டிய தாழ்வான விளிம்புத் திட்டு, அதன் மேல் கிரானைட் பலகை, அதன் மேல் எஃகுக் கம்பிக் கைப்பிடி என்று அந்த வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் அமைப்புதான் இங்கும் இருந்தது.

வீட்டு உரிமையாளரான ஓய்வு பெற்ற ஆசிரியை என்னை அழைத்தது ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் நடுவில். ஏழு ஆண்டுகளில் மூன்று முறை வெளிச்சுவருக்கு வண்ணம் பூசியும், ஒவ்வொரு ஐப்பசியிலும் அதே இடங்களில் கறை திரும்ப வந்துகொண்டிருந்தது. "சுவர்லதான் ஈரம் இருக்குன்னு மூணு பேரும் சொன்னாங்க சார். ஆனா மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் சொட்டுதே, அது எப்படி?" என்று அவர் கேட்டார். இந்தச் சிக்கலை அவிழ்க்க அந்த ஒரு கேள்வியே பாதி வழி கொடுத்தது.

கீழே நின்று பார்த்தபோது கறை ஒன்றல்ல, மூன்று என்பது தெரிந்தது. பால்கனியின் இரு பக்கங்களும் சுவரைத் தொடும் மூலைகளில், கையளவு அகலத்தில் கரும்பச்சைப் பாசிப் பட்டை தரை வரை இறங்கியிருந்தது. வடக்கு மூலையில் நீர்ப்போக்குக் குழாயின் கீழே, தளத்தின் வெளி முகத்தில் விசிறி போல விரிந்த பழுப்புக் கறை இருந்தது. மூன்றாவதாக, விளிம்புத் திட்டும் தளமும் சந்திக்கும் கோட்டில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு கோடுகோடாக வழிந்திருந்தது. அதை ஒட்டித் தளத்தின் அடிப்புறத்திலும் ஏறத்தாழ 150 மி.மீ. அகலத்துக்கு ஈரம் ஊறியிருந்தது. பாசி வளர வேண்டுமானால் மேற்பரப்பு அடிக்கடி நனைந்துகொண்டிருக்க வேண்டும். வெள்ளைப் படிவு உருவாக வேண்டுமானால் நீர் சிமென்ட்டுக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்து அதன் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஆகவே கறையின் நிறமே, நீர் மேற்பரப்பில் ஓடியதா, உள்ளே தங்கியதா என்பதைச் சொல்லிவிடுகிறது.

அளவெடுத்தபோது தெரிந்தவை

டியூப் லெவல் வைத்துத் தரையை அளந்தோம். கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சாய்வு, சுவரிலிருந்து முன் விளிம்பு வரையிலான 1.2 மீட்டருக்கு 4 மி.மீ. மட்டுமே இருந்தது. டைல்ஸ் மேல் நீர் தயங்காமல் ஓட, மீட்டருக்குக் குறைந்தது 10 மி.மீ. தேவை, அதாவது இங்கே 12 மி.மீ. இருந்திருக்க வேண்டும். நீளவாட்டில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. தரையின் நடுப்பகுதி, நீர்ப்போக்கு இருந்த வடக்கு மூலையைவிட 3 மி.மீ. தாழ்ந்திருந்தது. நீர்ப்போக்கு ஒரே ஒரு 40 மி.மீ. பி.வி.சி. குழாய். அதன் உட்புற அடிமட்டம் டைல்ஸ் மட்டத்தைவிட 6 மி.மீ. உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் தரையில் தங்கியே தீரும் என்பதுதான் இதன் பொருள்.

குழாயின் அளவு சிறியது என்பதே கோளாறு என்று முதலில் பார்த்த ஒருவர் கூறியிருந்தார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பால்கனியின் பரப்பு 4.32 சதுர மீட்டர். சாரல் மழை பின்சுவரில் பட்டு இறங்குவதற்காக, 3 மீட்டர் உயரமுள்ள அந்தச் சுவர்ப் பரப்பில் பாதியையும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 9.7 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தில் கொட்டும் மழையில்கூட நிமிடத்துக்கு 16 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணீர்தான் வெளியேற வேண்டும். நீரைக் குழாயின் வாய்க்குக் கொண்டு சேர்க்கும் வாட்டம் இருந்தால், இந்த அளவு பெரிய சுமையல்ல. சிறிய குழாயின் உண்மையான ஆபத்து வேறு: ஒரு வேப்பிலைக் கொத்தும் சிறிது மண்ணும் அதை அடைத்துவிடும், அடைத்தால் மாற்று வழி இல்லை.

ஒவ்வொரு வழியாக ஒரு சோதனை

ஐந்து நாள் மழையில்லாமல் காய்ந்த பிறகு நீர் ஊற்றிச் சோதித்தோம். இதில் வரிசை முக்கியம். முதலிலேயே தரையில் நீர் கட்டினால் எல்லா வழிகளிலும் நீர் இறங்கி எது எதனால் என்பது குழம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு, தரையில் நீர் கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் கிரானைட் பலகையின் மேல் மட்டும், தரையில் படாமல், பூந்தோட்டக் குழாயால் பத்து நிமிடம் மெல்லத் தெளித்தோம். பலகை விளிம்புத் திட்டின் பூச்சு முகத்தோடு ஒரே மட்டமாக, வெளியே துருத்தாமல் பதிக்கப்பட்டிருந்தது. நீர் அதன் விளிம்பைத் தாண்டியதும் கீழே விழவில்லை. முகத்தோடு ஒட்டி இறங்கி, தளத்தின் அடிவிளிம்பை அடைந்து, அங்கிருந்து அடிப்புறத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு உள்நோக்கி நகர்ந்தது. நீருக்குப் பரப்பைப் பற்றிக்கொள்ளும் தன்மை உண்டு. மென்மையான வளைவிலும் தட்டையான அடிப்புறத்திலும் புவியீர்ப்பைத் தாங்கிக்கொண்டு கணிசமான தூரம் அது போகும். பலகையின் மேற்பரப்பு சற்றே சுவரை நோக்கிச் சாய்ந்திருந்ததால், மீதி நீர் பலகையின் மேலேயே ஓடி, பக்கத் திட்டு சுவரைத் தொடும் மூலையில் ஒரு சிறு ஓடைபோலக் கொட்டியது. பாசிப் பட்டை இரண்டும் இந்த ஓடையால் உண்டானவை. சுவர் தானாக ஈரமாகவில்லை, அதன் மீது யாரோ குடத்தைக் கவிழ்ப்பதுபோல நீர் ஊற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் குழாயின் வாயில் மட்டும் ஒரு புனல் வைத்து நீர் விட்டோம். குழாய் சாய்வே இல்லாமல், வெளியே வெறும் 25 மி.மீ. மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தது. வேகமாக விட்டபோது நீர் தூரத்தில் விழுந்தது. வேகம் குறைந்ததும் குழாயின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடி, தளத்தின் முகத்தில் பரவியது. மழை ஓயும் நேரத்தில் நீண்ட நேரம் நடப்பது இந்த மெல்லிய ஓட்டம்தான். பழுப்பு விசிறி அதன் அடையாளம்.

மூன்றாவது சோதனைக்குக் குழாயை அடைத்து, தரையில் 15 மி.மீ. ஆழத்துக்கு நீர் கட்டி, அதில் சமையலறையிலிருந்து வாங்கிய கேசரிப் பவுடரைக் கரைத்தோம். காலையில் கட்டிய நீர், மாலைக்குள் விளிம்புத் திட்டின் அடியில், சரியாக வெள்ளைப் படிவு இருந்த கோட்டில், வெளிர் ஆரஞ்சு நிறக் கசிவாக வெளியே வந்தது. பிறகு அடைப்பை எடுத்து நீரை வடித்துவிட்டோம். கசிவு நிற்கவில்லை. மறுநாள் மாலை வரை சொட்டியது.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு விடை இங்கே கிடைத்தது. ஒரு டைல்ஸை எடுத்துப் பார்த்தபோது அதன் அடியில் 50 மி.மீ. தடிமனுக்கு மணல் அதிகமான, சரியாக இறுகாத கலவை இருந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம் என்று கொண்டால், அந்தப் பால்கனியின் படுகை மட்டும் 43 லிட்டர் நீரை உறிஞ்சி வைத்திருக்க முடியும். குழாய் டைல்ஸுக்கு மேலே இருப்பதால் அந்த நீருக்கு அதன் வழியே வெளியேற வாய்ப்பில்லை. அது கான்கிரீட் தளத்தின் மேல் தேங்கி, செங்கல் திட்டின் அடியில் புகுந்து, தனக்குக் கிடைத்த ஒரே வழியில் வெளியே வருகிறது. பால்கனித் தரைக்கு இரண்டு நீர்மட்டங்கள் உண்டு: டைல்ஸின் மேல் ஒன்று, டைல்ஸின் அடியில் நீர்த்தடைப் பூச்சின் மேல் ஒன்று. இரண்டாவதை மறந்துவிடுவதுதான் நம் ஊர்ப் பால்கனிகளில் நான் மிக அதிகமாகக் காணும் தவறு. டைல்ஸும் அதன் இணைப்புகளும் நீரைத் தடுக்கும் என்று நம்பக் கூடாது. அவை நீரின் பெரும்பகுதியை ஓட்டிவிடும், அவ்வளவே.

சீரமைப்பு: முதலில் செய்யக் கூடாதது

வெளியே நீண்ட தளத்தில் முதன்மைக் கம்பிகள் மேற்பகுதியில் இருக்கும், ஏனெனில் இழுவிசை அங்கேதான் வருகிறது. ஆகவே பழைய டைல்ஸையும் படுகையையும் மின்சார பிரேக்கர் கொண்டு உடைக்க நான் அனுமதிக்கவில்லை. இரண்டு ஆட்கள் உளியும் சுத்தியலும் கொண்டு மூன்று நாளில் எடுத்தார்கள். தளத்தின் அடிப்புறத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் வடக்கு விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பொள்ளல் ஒலி கேட்டது. அங்கே தளர்ந்த கான்கிரீட்டை நீக்கி, கம்பியின் துருவைத் தேய்த்து, பழுதுநீக்கக் கலவையால் மூடினோம். அடிப்புறம் முழுவதும் அப்படி ஒலித்திருந்தாலோ, முன் விளிம்பு தொங்கியிருந்தாலோ, டைல்ஸ் வேலையை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்திருக்க வேண்டும்.

வாட்டத்தைத் திட்டமிட்டபோது ஒரே மூலை நீர்ப்போக்கைக் கைவிட்டோம். மீட்டருக்கு 10 மி.மீ. வீதம் நீளவாட்டில் 36 மி.மீ., அகலவாட்டில் 12 மி.மீ. என்றால் தொலைவான மூலை 48 மி.மீ. உயர வேண்டும். அறைக்கும் பால்கனிக்கும் இடையே அவ்வளவு உயரம் கிடைக்கவில்லை. முன்பக்க இரு மூலைகளிலும் நீர்ப்போக்கு வைத்தால், நடுவில் கதவுக்கு எதிரே ஒரு முகடு, அங்கிருந்து இருபுறமும் 18 மி.மீ., முன்னோக்கி 12 மி.மீ. என்று, மொத்தம் 30 மி.மீ. போதும். இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. முகட்டின் இருபுறமும் தரை இரண்டு சாய்ந்த தட்டைப் பரப்புகளாக அமைகிறது, கிண்ணம்போல் குழிவதில்லை. ஆகவே முகட்டில் டைல்ஸ் இணைப்பு வரும்படி தொடங்கினால், பெரிய டைல்ஸ்கூட முனை தூக்காமல் படியும்.

வாட்டத்தைக் கலவையில்தான் கொடுக்க வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது பசையைக் கூட்டிக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையை மூலைகளில் 15 மி.மீ., கதவருகே 45 மி.மீ. என்று இட்டோம். அதன் மேல் நீர்த்தடைப் பூச்சு, பசை, டைல்ஸ் சேர்ந்து 16 மி.மீ. கதவருகே முடிந்த மட்டம் அறைத் தரையைவிட 24 மி.மீ. தாழ்வாக, ஏறக்குறைய முன்பு இருந்தபடியே அமைந்தது. மொத்த எடையோ பழையதைவிடக் குறைந்தது. கலவை காய்ந்ததும் ஒரு சொம்பு நீரைக் கதவருகே ஊற்றி, அது எங்கும் நிற்காமல் மூலைகளை அடைகிறதா என்று பார்த்தோம். தெற்குப் பாதியில் ஓரிடத்தில் உள்ளங்கை அளவு நீர் நின்றது. அதை அப்போதே தேய்த்துச் சரிசெய்ய முடிந்தது. டைல்ஸ் வந்த பிறகு முடியாது.

நீர்ப்போக்கின் வாய்

புதிய குழாய்கள் 63 மி.மீ. விட்டமுள்ளவை. அவை செங்கல் திட்டின் வழியே மட்டும் செல்கின்றன, கான்கிரீட் தளத்தில் துளை இல்லை. குழாயின் உட்புற அடிமட்டம் நீர்த்தடைப் பூச்சின் மட்டத்தோடு ஒன்றாக இருக்கும்படி வைத்தோம். பூச்சு குழாயின் விளிம்புத் தட்டின் மேல் 50 மி.மீ. ஏறி, வலையோடு சேர்ந்து ஒட்டியிருக்கிறது. டைல்ஸ் குழாயின் வாய்க்கு முன்பே நிறுத்தப்பட்டு, அந்த இடைவெளியில் சிறு கூழாங்கற்கள் மட்டும் போடப்பட்டன. மேலே ஓடும் நீரும், டைல்ஸுக்கு அடியில் ஊறி வரும் நீரும் இப்போது ஒரே வாயில் சேர்கின்றன. மேஸ்திரி அந்த இடைவெளியைச் சிமென்ட் பாலால் அழகாக மூடிவிட முனைந்தார். மூடியிருந்தால் பழைய கதையே திரும்பியிருக்கும். காரணத்தைச் சொன்னதும், "அப்போ அடித் தண்ணிக்கும் ஒரு வாசல்னு சொல்லுங்க" என்று ஒரே வரியில் அவர் விளக்கிவிட்டார்.

வெளிப்புறத்தில் குழாய் 150 மி.மீ. நீண்டு, கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கிறது. சாய்வு இருந்தால் அடிப்புறத்தைப் பற்றிய நீர் மேட்டில் ஏறிப் பின்னோக்கி வர முடியாது. இரு குழாய்களும் ஒருசேர அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்காக, முன் திட்டின் நடுவில் 25 மி.மீ. விட்டத்தில் ஓர் அவசரத் துளை வைத்தோம். அதன் அடிமட்டம் கதவருகே உள்ள டைல்ஸைவிட 9 மி.மீ. உயரம், வாசற்படிக் கல்லின் மேல்மட்டத்தைவிட 35 மி.மீ. தாழ்வு. நடுவிலிருந்து நீர் விழுவதைக் கண்டால் மூலைகளைத் தூர்வார வேண்டும் என்று வீட்டாருக்குத் தெரியும்.

விளிம்பு

கறையின் பெரும்பகுதி விளிம்பில் பிறந்ததால் அதிக நேரத்தையும் அங்கேதான் செலவிட்டோம். புதிய கிரானைட் பலகை, பூச்சு முகத்திலிருந்து 40 மி.மீ. வெளியே துருத்துகிறது; அதன் மேற்பரப்பு உள்நோக்கி, அதாவது பால்கனித் தரையை நோக்கிச் சாய்கிறது. துருத்தும் பகுதியின் அடியில், வெளி விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே, 8 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் கொண்ட சொட்டுப் பள்ளம் ஒன்று பட்டறையிலேயே வெட்டப்பட்டது. அடிப்புறத்தில் ஒட்டி வரும் நீர் பள்ளத்தின் செங்குத்துச் சுவரில் ஏற முடியாமல் அங்கேயே துளியாகச் சேர்ந்து விழும். இந்தப் பள்ளத்தைச் சுவர் வரை கொண்டுபோகக் கூடாது, 40 மி.மீ. முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பள்ளமே நீரைச் சுவருக்கு அழைத்துச் செல்லும் கால்வாயாகிவிடும்.

பலகை சுவரைத் தொடும் மூலையில், அதன் முனையைச் சுவரின் பூச்சுக்குள் 15 மி.மீ. செலுத்தி, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் இட்டு அடைத்தோம். மேற்பரப்பு உள்நோக்கிச் சாய்வதால் மூலைக்கு நீர் வருவதே குறைந்தது. கைப்பிடிக் கம்பிகளின் அடித்தட்டுகளை ஆணியிட்ட துளைகளும் நீர் புகும் வழிகளே என்பதால், ஒவ்வொன்றையும் சீலன்ட் நிரப்பிய பிறகே முறுக்கினோம்.

தளத்தின் அடிவிளிம்பிலும் ஒரு தடை தேவைப்பட்டது, ஏனெனில் சாரல் வெளி முகத்தின் மீதே நேரடியாக அடிக்கிறது. அங்கே கான்கிரீட்டை வெட்டிப் பள்ளம் எடுப்பது எளிது. ஆனால் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டே மெல்லியது, அதில் 10 மி.மீ. வெட்டினால் துருவுக்குக் கதவு திறந்ததாகும். ஆகவே சன்ஷேடுகளுக்குச் செய்வதுபோல, அடிவிளிம்பில் 50 மி.மீ. அகலத்துக்கும் 12 மி.மீ. தடிமனுக்கும் பூச்சுப் பட்டை ஒன்றைக் கீழ்நோக்கித் துருத்தும்படி வைத்தோம். டிரிப் மோல்ட் என்று தளத்தில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

டைல்ஸ் விளிம்புத் திட்டையும் சுவரையும் இறுகத் தொடாமல் 6 மி.மீ. விட்டு நின்றது. வெயிலில் 30 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு 3.6 மீட்டர் டைல்ஸ் வரிசை முக்கால் மில்லிமீட்டர் அளவு நீளும். இறுகத் தொட்டிருந்தால் அந்த நீட்சி ஓர இணைப்பை நசுக்கி விரிசலாக்கும், விரிசல் நீரை உள்ளே விடும். இடைவெளியைச் சிமென்ட் கிரவுட்டால் நிரப்பாமல் நெகிழ்வான சீலன்ட்டால் நிரப்பி, ஸ்கர்ட்டிங் டைல்ஸை அதன் மேல் இறக்கினோம். நீர்த்தடைப் பூச்சு சுவரில் 150 மி.மீ. உயரமும், திட்டில் கிரானைட் பலகையின் அடி வரையிலும், கதவில் வாசற்படிக் கல்லுக்கு அடியிலும் ஏறிச் செல்கிறது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குழாய்களை அடைத்து 48 மணி நேரம் நீர் கட்டிப் பார்த்தோம். கசிவு இல்லை என்பதைக் கீழே நின்று ஆசிரியையே உறுதிசெய்த பிறகுதான் முதல் டைல்ஸ் ஒட்டப்பட்டது.

அடுத்த மழைக்காலத்துக்குப் பின்

வெள்ளைப் படிவும் பழுப்பு விசிறியும் திரும்ப வரவில்லை. மழை நின்ற அரைமணி நேரத்தில் சொட்டும் நின்றுவிட்டது. மூலைகளில் பாசி இல்லை. ஆயினும் காற்றோடு அடிக்கும் மழையில் சுவர் முழுவதும் நனையத்தான் செய்கிறது. அந்த ஈரத்தைப் பால்கனியின் எந்த நுணுக்கமும் தடுக்காது, அது ஒரே சீராகக் காய்ந்துவிடும் என்பதால் கறையாவதும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும், தெற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 600 மி.மீ. நீளத்துக்கு, மெல்லிய புதிய கறை இறங்கியிருந்தது. ஏணி வைத்துப் பார்த்தேன். இறுதியில் வண்ணம் பூச வந்தவர், கிரானைட் பலகையின் அடியில் இருந்த சொட்டுப் பள்ளத்தை ஏதோ உடைப்பு என்று எண்ணி, அந்த நீளத்துக்கு மட்டும் புட்டி வைத்து மிகவும் நேர்த்தியாக நிரப்பியிருந்தார். கறை தொடங்கிய இடமும் புட்டி தொடங்கிய இடமும் ஒன்றாக இருந்தன. பழைய ஹாக்ஸா பிளேடு ஒன்றால் அதைச் சுரண்டி எடுத்தோம். அடுத்த மழையில் அங்கேயும் நீர் துளித்துளியாகச் சுவரை விட்டு விலகி விழுந்தது.